ஃபிரிட்ஜ் கரண்ட்: நாப், ரப்பர், நிற்கும் இடம்

வெயில் காலம் என்பதால் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜின் நாபை 6-ல் வைத்திருக்கிறேன். மொத்தம் 7 வரை இருக்கிறது. பில் ஏறிவிட்டது. எந்த எண்ணில் வைக்க வேண்டும்? – வாசகி, விருதுநகர்

நாபில் இருக்கும் எண் டிகிரி அல்ல, அம்மா. எண் கூடினால் குளிர் கூடும் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஒரு ஃபிரிட்ஜில் 4-ல் கிடைக்கும் குளிர் இன்னொன்றில் 3-லேயே கிடைத்துவிடும். அதனால் எண்ணை விட்டுவிட்டு உள்ளே என்ன வெப்பநிலை இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை மூழ்க வைத்து, நடுத்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அளவைப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது அவ்வளவு கீழே காட்டாது. ஃபிரிட்ஜுக்கென்றே விற்கும் சின்னத் தெர்மாமீட்டர் வேண்டும். தண்ணீரில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று நொடியில் சூடாகிவிடும், தண்ணீர் அப்படி மாறாது.

3 முதல் 4 டிகிரி செல்சியஸ் காட்டினால் போதும். 5-ஐத் தாண்டினால் பாலும் மீனும் சீக்கிரம் கெடும். 6-ல் வைத்திருக்கும் உங்கள் ஃபிரிட்ஜில் 1 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமையலறை 32 டிகிரி என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 31. உள்ளே 4 ஆக்கினால் வித்தியாசம் 28. சுவர் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்பம் குறைகிறது. அந்த அளவுக்குக் கம்ப்ரஸருக்கும் வேலை குறையும்.

நாபை ஒரே நாளில் இரண்டு மூன்று எண் திருப்ப வேண்டாம். ஒரு எண் குறைத்து, 24 மணி நேரம் விட்டு, மறுபடி டம்ளரைப் பாருங்கள். சிங்கிள் டோரில் தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் பெரும்பாலும் ஃப்ரீசர் தகட்டையே ஒட்டி இருக்கும். காய்கறி இருக்கும் இடத்தின் குளிர் அதற்கு நேரடியாகத் தெரியாது. அதனால் கடும் வெயிலில் ஒரு எண் கூட்ட வேண்டிய தேவை நிஜமாகவே வரலாம். ஆனால் அதையும் டம்ளர்தான் சொல்ல வேண்டும், பங்குனி வந்துவிட்டது என்று வழக்கமாகத் திருப்பிவிடக் கூடாது. ஒரு குறையும் இருக்கிறது. மேலே கீழே இரண்டுக்கும் ஒரே நாப் என்பதால், கீழே 4 டிகிரி வரும்போது ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கொஞ்சம் இளகலாம். டிஜிட்டல் எண் காட்டும் டபுள் டோர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. கீழே 4, ஃப்ரீசரில் -18 என்று வைத்தால் சரி.

கதவு ஓரம் வியர்த்து நீர் வழிகிறது, கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. ரப்பரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றியே ஆக வேண்டுமா? – வாசகர், திருச்சி

முதலில் எங்கே விடுகிறது என்று கண்டுபிடிப்போம். ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். நல்ல ரப்பர் என்றால் நோட்டைப் பிடித்துக்கொண்டு லேசான இழுப்போடு விடும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சந்தேகம். ஓரிடத்தில் பார்த்து நிறுத்திவிடாமல், நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் பாருங்கள். கீல் பக்கத்தின் கீழ் மூலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், நான் பார்த்தவரை அதிகம் கெடுவதும் அதுதான்.

சந்தேகம் இருந்தால் இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். ரப்பர் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே காற்று போகிறது என்பது உறுதி. நோட்டு தளர்ந்தாலும் சில சமயம் காற்று போகாது. வெளிச்சம் தெரிந்தால் மறுபேச்சில்லை.

இடம் தெரிந்த பிறகும் கடைக்கு ஓட வேண்டாம். ரப்பரின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். தோசை மாவு, சிந்திய பால், மீன் குழம்பு எல்லாம் காய்ந்து ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும், துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், அதில் அழுக்கு மறுபடி ஒட்டும். ஓரிடம் மட்டும் உள்வாங்கியிருந்தால் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கி, விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவைச் சில மணி நேரம் மூடி வையுங்கள். பல ரப்பர்கள் இதிலேயே திரும்பிவிடும்.

அடுத்தது கதவு. கதவுத் தட்டு முழுக்க 2 லிட்டர் பாட்டில்களை அடுக்கினால் கதவு தொங்கி, மேல் மூலையில் இடைவெளி விழும். ரப்பரை மாற்றினாலும் இது போகாது. பாட்டில்களை உள்ளே வைத்து, கீலின் ஸ்க்ரூவை இறுக்குங்கள். முன்கால்களை மிகக் கொஞ்சம் உயர்த்தினால், பாதி திறந்த கதவு தானாகவே மூடிக்கொள்ளும்.

ரப்பர் கிழிந்திருந்தாலோ, கல் போல் இறுகியிருந்தாலோ, உள்ளிருக்கும் காந்தப் பட்டை பிடிக்காமல் போனாலோ மாற்றத்தான் வேண்டும். ஃபிரிட்ஜின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். புது ரப்பர் மடிந்தே வரும். மாட்டும் முன் வெந்நீரில் சற்று நேரம் போட்டு மடிப்பை எடுங்கள். மாட்டிய பின் கதவை மூடி உடனே திறந்து பாருங்கள். சட்டென்று திறக்க வராமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டால் வேலை சரியாக முடிந்தது. உள்ளே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால்தான் அந்தப் பிடிப்பு.

உங்களுடையது இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால், நிற்காமல் மெதுவாக ஓடுவது அதன் இயல்பு. அதை வைத்து ரப்பர்மேல் பழி போட முடியாது.

ஃபிரிட்ஜின் பக்கவாட்டுச் சுவர் சுடுகிறது. பழுதா? – வாசகி, தஞ்சாவூர்

இல்லை. இப்போதைய பல மாடல்களில் வெப்பத்தை வெளிவிடும் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஓடுகிறது. சுட்டால் அது வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் அந்தப் பக்கங்களில் துணி உறை தொங்கினாலோ அரிசி மூட்டை சாய்ந்திருந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

சின்ன சமையலறை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில்தான் ஃபிரிட்ஜ் நிற்கிறது. கொஞ்சம் நகர்த்துவதால் என்ன மிச்சமாகிவிடும்? – வாசகர், சென்னை

என் அக்கா வீட்டில் இதே நிலைமைதான். பின்னால் இரண்டு விரல் இடைவெளி, இடது பக்கம் கேஸ் அடுப்பு. சமைக்கும் நேரத்தில் பின்பக்க இடுக்கில் தெர்மாமீட்டர் 40 டிகிரி காட்டியது, ஹாலில் 32. உள்ளே 4 டிகிரி என்றால் ஹாலில் வித்தியாசம் 28, அந்த இடுக்கில் 36. வெளியே விட வேண்டிய வெப்பத்தையும் அந்தச் சூட்டுக்குள்ளேயே தள்ள வேண்டியிருப்பதால் கம்ப்ரஸர் இரட்டிப்பாகத் திணறுகிறது.

ஹாலின் நிழலான மூலைக்கு மாற்றினோம். ஜன்னல் வெயில் படாத இடம். பின்னால் ஒரு சாண், பக்கங்களில் நான்கு விரல், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டோம். பின்புறம் கறுப்புக் கம்பிவலை இருக்கும் பழைய மாடல் என்பதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் தூசியையும் பிரஷால் தட்டினோம்.

பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டரை வைத்து முன்னும் பின்னும் ஒரு வாரம் அளந்தேன். சராசரியாக நாளுக்கு 1.4 யூனிட்டாக இருந்தது 1.0 ஆனது. இரண்டு மாத பில்லில் 24 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்த 24 பெரியது. 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடும்.

இடம் மாற்றவே வழியில்லை என்றால் அடுப்பை எதிர்ப்பக்க மேடைக்குக் கொண்டுபோகப் பாருங்கள். அதுவும் முடியாதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள். அது ஃபிரிட்ஜின் பக்கத்தை ஒட்டாமல், அடுப்புத் தீ படாத தூரத்தில் நிற்கட்டும். முழுப் பலன் வராது, அடுப்பின் நேரடிச் சூடு மட்டும் தகட்டில் படாது. மீட்டர் இல்லாவிட்டால், எல்லோரும் வெளியூர் போகும் நாளில் ஃபிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்து, போகும்போதும் வந்ததும் இ.பி. மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று கதவு திறக்கப்படாததால் எண் குறைவாகத்தான் வரும். அதனால் நகர்த்துவதற்கு முன் ஒரு பயணம், பின் ஒரு பயணம் என்று அளந்து ஒப்பிடுங்கள்.