எதை எதால் வகுத்தீர்கள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: நான் வக்கீல். விளம்பரத்தில் 'வெற்றி உறுதி' என்று போடலாமா?

கூடாது. தீர்ப்பு எழுதப்போவது நீங்கள் இல்லை. அதற்கு முன், உங்கள் ஊர்ச் சட்டப்படி வக்கீல் விளம்பரமே செய்யலாமா என்று பார்த்தீர்களா? அமெரிக்காவில் 1977-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. இந்தியாவில் பார் கவுன்சில் விதி 36 இன்றும் குறுக்கே நிற்கிறது. முதலில் விதியைப் படியுங்கள். வாசகம் அப்புறம்.

கே: மூன்று மாதப் பயிற்சி முடித்திருக்கிறேன். 'நிபுணர்' என்று போடலாமா?

வேண்டாம். எதில், எத்தனை மாதம் பயிற்சி பெற்றீர்கள் என்று போடுங்கள்.

கே: எங்கள் கருத்தரிப்பு மையத்தின் வெற்றி 53 சதவீதம். உண்மையான எண்தான். விளம்பரம் செய்யலாம் அல்லவா?

இதே கடிதம் மாதம் ஒன்றாவது வருகிறது. எதை எதால் வகுத்தீர்கள் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. நானே ஊகித்துக் கணக்குப் போடுகிறேன். 100 பெண்கள் சிகிச்சை தொடங்குகிறார்கள். பத்துப் பேருக்குச் சினைமுட்டை சரியாக வளராமல் பாதியில் நிற்கிறது. இன்னொரு பதினைந்து பேருக்குக் கரு உருவாகவில்லை. மீதி 75 பேருக்குக் கருவைக் கருப்பையில் வைக்கிறீர்கள். 40 பேருக்குப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாகிறது. 40-ஐ 75-ஆல் வகுத்தால் உங்கள் 53 வந்துவிடும். ஆனால் அந்த நாற்பதில் பத்து கலைந்து, குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் 30 பேர்தான். உங்கள் வாசலில் வந்து நிற்கும் பெண் கேட்பது இந்த 30-ஐ. அவளும் அந்த நூற்றில் ஒருத்தியாகத்தானே தொடங்குகிறாள்?

வயதையும் சொல்லுங்கள். முப்பதில் வருபவருக்கும் நாற்பத்திரண்டில் வருபவருக்கும் ஒரே எண் பொருந்தாது. கடினமானவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் சதவீதம் ஏறும். அதில் உங்கள் கைத்திறமை எதுவும் கூடவில்லை. ஆகவே எந்த ஆண்டு, எத்தனை பேர், எந்த வயது, தொடங்கியவர்களில் எத்தனை பிரசவம், இந்த நான்கும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் வரட்டும். இடமில்லை என்றால் எண்ணையே எடுத்துவிடுங்கள்.

கே: சிகிச்சைக்கு முன், பின் படங்கள் போடலாமா? ஒப்புதல் கையெழுத்து இருக்கிறது.

எதற்கான கையெழுத்து? சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் விளம்பரத்துக்குச் செல்லாது, தனியாக வாங்குங்கள். சில இடங்களில் இத்தகைய படங்களுக்கே தடை உண்டு, அதையும் பாருங்கள். முன்படம் மங்கிய வெளிச்சத்தில், பின்படம் பளிச்சென்ற விளக்கில் என்றால் அது ஏமாற்று.

கே: ஒருவர் இணையத்தில் பொய்யாகத் திட்டியிருக்கிறார். அவருடைய நோய், வந்த தேதி எல்லாம் போட்டுப் பதில் எழுதட்டுமா?

கூடவே கூடாது. அவர் உங்களிடம் வந்தார் என்று ஒப்புக்கொள்வதே ரகசியத்தை உடைப்பதுதான். 'தனிநபர் விவரங்களைப் பொதுவில் பேச இயலாது' என்ற ஒரு வரி போதும்.

கே: 500 வழக்கில் 490 வெற்றி. இதையாவது போடலாமா?

அந்த 490-ல் சமரசமாக முடிந்தவை, எதிர்த்தரப்பு வராமலே ஜெயித்தவை, இருவரும் சம்மதித்து வாங்கிய விவாகரத்துகள் எத்தனை? எண்ணிவிட்டு எழுதுங்கள்.