படத்துக்குக் கீழே ஒருவர், முகப்பில் இன்னொருவரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூந்தன்குளம் போய்ப் பறவைகளைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். என் பயோ இது: “ஒளியின் மொழியில் பேசும் இயற்கையின் காதலி | சிறகுகளைத் தேடும் பயணி | ஒவ்வொரு படமும் ஒரு கதை.” அண்மையில் எழுதிய மூன்று கேப்ஷன்களையும் தருகிறேன்.

“பத்து நிமிஷமா ஒரே இடம். வெயில் குஞ்சு மேல படாம இறக்கையை விரிச்சுக்கிட்டு நிக்குது.”

“இந்த வருஷம் தண்ணி முன்னாடியே வத்திடுச்சு. கூழைக்கடா நாலே நாலு.”

“வானம் எனும் கேன்வாஸில் சிறகுகள் வரைந்த கவிதை.”

பயோவை எழுதியது ஒருத்தி, கேப்ஷனை எழுதுவது வேறொருத்தி போல இருக்கிறது என்றாள் தோழி. எதை மாற்றுவது? எல்லா கேப்ஷனும் ஒரே மாதிரி இருந்தால் சலித்துவிடாதா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

பயோவை மாற்றுங்கள். முதல் இரண்டு கேப்ஷன்களில் கை வைக்காதீர்கள். அவை உங்கள் குரல்.

இப்படி உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் பக்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பயோவை அல்ல. யாரோ பகிர்ந்த ஒரு நாரைப் படம் கண்ணில் படும், கீழே இருக்கும் இரண்டு வரியைப் படிப்பார்கள், அப்புறம்தான் யார் இவர் என்று பெயரைத் தொட்டு உள்ளே வருவார்கள். இறக்கையை விரித்து நிற்கும் பறவையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த ஆளைத் தேடி வருகிறவருக்கு, “இயற்கையின் காதலி” என்று வேறு யாரோ பதில் சொன்னால் எப்படி இருக்கும்? உங்கள் தோழி கவனித்தது அதைத்தான். ஆகவே பயோவை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப கேப்ஷனை வளைக்கக் கூடாது. கேப்ஷன்களிலிருந்துதான் பயோவை எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வேலை செய்யுங்கள். கடைசி இருபது கேப்ஷன்களைப் படம் இல்லாமல் ஒரே பக்கத்தில் நகலெடுத்து வையுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் எதில் முடிகிறது என்று மட்டும் பாருங்கள். தமிழில் பேசுகிறவர் யார், எவ்வளவு நெருக்கத்தில் நின்று பேசுகிறார் என்பதெல்லாம் பெரும்பாலும் வினைமுற்றில்தான் தெரியும். “நிக்குது”, “வத்திடுச்சு” என்று முடிக்கிறவர் பக்கத்தில் நின்று பேசுகிறார். “நிற்கிறது”, “வற்றிவிட்டது” என்பவர் அரையடி தள்ளி நிற்கிறார். இரண்டில் எதுவும் தப்பில்லை, ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பயோவில் மூன்று துண்டுகள் இருக்கின்றன, ஒன்றில்கூட வினைமுற்று இல்லை. காதலி, பயணி, கதை என்று எல்லாம் பெயரில் முடிகின்றன. அந்த வரியை யார் பக்கத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒட்டியும் இருக்கிறார்கள். நம் ஊர்ப் படப் பக்கங்கள் பலவற்றில் பயோ இப்படிப் பட்டங்களின் வரிசையாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். கீழே அவ்வளவு உயிரோடு எழுதுகிறவர்கள் மேலே வந்ததும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்?

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பது. முதல் இரண்டு கேப்ஷன்களிலும் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறீர்கள். வெயிலில் குஞ்சுக்கு நிழல் தரும் மஞ்சள் மூக்கு நாரையை எத்தனையோ பேர் “தாயின் தியாகம்” என்று எழுதுவார்கள். அந்த நாரைகளில் ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒன்றுபோல இருக்கும், குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் இரண்டும்தான். அம்மா என்று நீங்கள் எழுதவில்லை. நின்ற நேரத்தையும் வெயிலையும் சொன்னீர்கள், போதுமாக இருந்தது. கண்டதற்கு மேல் பேசாத இந்தக் குணம்தான் உங்கள் குரலின் பாதி. பயோவிலும் அது வர வேண்டும்.

சரி, எழுதிப் பார்ப்போம். படத்துக்குக் கீழே பறவையைப் பற்றிச் சொல்கிறீர்கள், “நான்” அங்கே வருவதே இல்லை. பயோவில் பேச்சு உங்களைப் பற்றியது என்பதால் தன்மை வினை வந்தாக வேண்டும். அதோடு, கேப்ஷனுக்குப் படம் துணை இருக்கிறது, பாதியைச் சொல்லாமல் விடலாம். பயோவுக்கு அந்தத் துணை கிடையாது. இடம், பறவை, நீங்கள் செய்கிற காரியம் மூன்றும் அந்த வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். என் கைக்கு வந்தது இது:

“வேலைநாள்ல பேங்க். ஞாயித்துக்கிழமை கூந்தன்குளம். நாரை வந்தா படம் எடுப்பேன். வரலைன்னாலும் உட்கார்ந்திருப்பேன்.”

இதை அப்படியே போடச் சொல்லவில்லை. வேலையைச் சொல்ல விருப்பமில்லை என்றால் முதல் துண்டை எடுத்துவிடுங்கள். ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராம் பயோவுக்குத் தருவது 150 இடம். தமிழில் ‘கு’ என்று அடித்தால் ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு இடம் போகும். புள்ளி வைத்த எழுத்துக்கும் அப்படியே. ‘புகைப்படம்’ நமக்கு ஆறு எழுத்து, அங்கே பத்து. மேலே உள்ள வரி 108 இடம் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கிற சொற்களில் பாதிதான் நமக்கு என்று வைத்துக்கொண்டு எழுதினால், கடைசி நேரத்தில் வெட்டிக் குறைத்துக் குரலைக் கெடுக்க வேண்டியிருக்காது. குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது வினைமுற்றாகத்தான் இருக்கும், அதை விடாதீர்கள்.

எழுதிய பிறகு சோதித்துப் பாருங்கள். புது பயோவை உங்கள் படம் ஒன்றின் கீழே கேப்ஷனாக வைத்துச் சத்தமாகப் படியுங்கள், அடுத்து உங்கள் கேப்ஷன் ஒன்றைப் படியுங்கள். நடுவில் மூச்சு மாறினால், அல்லது திடீரென்று மேடையில் ஏறிய மாதிரி இருந்தால், இன்னும் பொருந்தவில்லை. பழைய பயோவை முதல் கேப்ஷனோடு சேர்த்து இப்படிப் படியுங்கள், எங்கே உடைகிறது என்று உங்கள் காதே சொல்லும்.

சலிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே குரல் என்பது ஒரே மனநிலை அல்ல. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பற்றி எழுதும் நாள் வரும். அன்றைக்கும் “கீழ விழுந்த குஞ்சு. ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போய் மீன் குடுக்குறாங்க” என்று எழுதினால் துக்கமும் இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். அன்று மட்டும் “சிறகொடிந்த கனவு” என்று தொடங்கினால் நீங்கள் காணாமல் போய்விடுவீர்கள். பறவையின் பெயர், மாதம், இடம் போன்ற தகவலை எழுத்து நடையில் தரலாம், அது குறிப்பு. பேச்சு முடிந்ததும் ஒரு வரி இடைவெளி விட்டுக் கீழே போடுங்கள். ஃபீடில் முதல் ஓரிரு வரிதான் தெரியும் என்பதால், அங்கே பேச்சே இருக்கட்டும்.

பழைய கேப்ஷன்கள் எல்லாவற்றையும் திருத்த உட்கார வேண்டாம். பக்கத்தின் உச்சியில் மூன்று படங்களைப் பின் செய்து வைக்கலாம். பயோவைப் படித்தவர் அடுத்துத் தொடுவது பெரும்பாலும் அவற்றைத்தான், அந்த மூன்றின் கேப்ஷனை மட்டும் சரிபாருங்கள்.

மிச்சம் இருப்பது கேன்வாஸ் கேப்ஷன். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அதை என்னால் மாற்றித் தர முடியாது. அன்றைக்கு எத்தனை பறவைகள், எந்தப் பக்கமிருந்து வந்தன, இறங்கினவா தாண்டிப் போயினவா? இதில் ஒன்று நினைவிருந்தால் அதை எழுதுங்கள். எதுவும் நினைவில்லை என்றால் அந்தப் படம் கேப்ஷன் இல்லாமலே இருக்கட்டும்.