'மு-ஆ-டு' எப்போ 'மேட்' ஆகும்?

கேள்வி: பையனுக்கு அஞ்சரை வயசு. வீட்லயே இங்கிலீஷ் எழுத்தோட சத்தத்தை வச்சுப் படிக்கிற ஃபோனிக்ஸ் சொல்லிக்கொடுக்கலாம்னு நூறு பாடம் இருக்கிற புக் ஒண்ணு, 231 பாடம் இருக்கிற குண்டு புக் ஒண்ணு வாங்கினேன். ஒரு நாள் இது, ஒரு நாள் அதுனு மாத்தி மாத்தி போறேன். எழுத்தைக் காட்டினா சத்தம் டக்குனு சொல்றான். ஆனா எம்-ஏ-டினு எழுதின 'மேட்'ங்கிற வார்த்தையைச் சேர்த்துப் படிக்கச் சொன்னா 'மு-ஆ-டு'ங்கிறான், அப்புறம் கதைப் புக்ல இருக்கிற பூனைப் படத்தைப் பார்த்துட்டு 'கேட்'ங்கிறான். எந்த புக்கை வச்சுக்கிறது? மூணாவதா வேற வாங்கணுமா?

பதில்: மூணாவது வேண்டாங்க. இருக்கிற ரெண்டுல ஒண்ணை பீரோ மேல தூக்கி வச்சிடுங்க, அதுதான் இன்னைக்கு செய்ய வேண்டிய முதல் வேலை. ரெண்டுமே நல்ல புக்தான், ஆனா ரெண்டும் வேற வேற ரூட்ல போற பஸ் மாதிரி, பாதி வழியில இதுல இருந்து இறங்கி அதுல ஏறினா குழந்தை நடுரோட்லதான் நிக்கும்.

ஏன்னு சொல்றேன். நீங்க சொல்ற நூறு பாடம் புக் 1983-ல எங்கல்மேனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினது. அதுல மொத பாடத்துலயே எம், எஸ் ரெண்டு எழுத்தோட சத்தம்தான், பேர் கிடையாது. கொஞ்ச பாடத்துலயே வார்த்தை படிக்க வச்சிடுவாங்க. எழுத்தும் சாதாரண பிரிண்ட் இல்ல, நெடில் சத்தம் வந்தா எழுத்து மேல ஒரு கோடு இருக்கும், சத்தம் வராத எழுத்து பொடிசா இருக்கும், 'டி-எச்' மாதிரி சேர்ந்து ஒரே சத்தம் தர்ற ஜோடி ஒட்டிக்கிட்டு இருக்கும். பின்பாதியிலதான் மெதுவா சாதாரண எழுத்துக்கு மாத்துவாங்க. 231 பாடம் புக் ஜெஸ்ஸி வைஸ், சாரா பஃபிங்டன் எழுதி 2004-ல வந்தது. அது நேர் எதிர். முதல்ல அஞ்சு உயிரெழுத்தோட குறில் சத்தம், அப்புறம் மத்த எழுத்து எல்லாம், அதுக்கப்புறம்தான் வார்த்தை. பிரிண்ட் சாதாரணமா இருக்கும்.

இப்ப உங்க பையன் இடத்துல இருந்து பாருங்க. இங்கிலீஷ் 'ஈ' எழுத்து இருக்கில்ல, நூறு பாடம் புக்ல ஆரம்பத்துலயே அது மேல கோடு போட்டு 'ஈஈ'னு நெடில் சத்தமா வருது. இன்னொரு புக்ல அதே எழுத்து 'எ'னு குறில் சத்தமா முதல்ல வருது. திங்கக்கிழமை 'ஈ', செவ்வாய்க்கிழமை 'எ'. கோடு இருக்கு, இல்லைங்கிறதெல்லாம் அஞ்சரை வயசுக்கு எங்க தெரியும். பாவம், அதுக்குத்தான் படத்தைப் பார்த்து தப்பிக்கிறான்.

ஆனா புக்கை மாத்தினது பாதிக் காரணம்தான். மீதி அந்த 'மு-ஆ-டு'லயே இருக்கு. வாய் விட்டு நீங்களே வேகமா சொல்லிப் பாருங்க, மு-ஆ-டு, மு-ஆ-டு. எவ்வளவு வேகமா சொன்னாலும் 'முவாடு'னுதான் வரும், ஜென்மத்துக்கும் 'மேட்' வராது. அவனுக்குச் சேர்க்கவே தெரியலைனு இப்பவே சொல்ல முடியாது, அவன் கையில இருக்கிற சத்தங்களைச் சேர்த்தா அந்த வார்த்தையே வராது. தமிழ் பேசுற நமக்கு இது கூடப்பிறந்த பழக்கம், பஸ்ஸை பஸ்ஸும்போம், கப்பை கப்பும்போம், கடைசியில ஒரு உகரம் ஒட்டாம நமக்கு நாக்கு நிக்காது. அதே உகரத்தை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒட்டி 'மு, டு, பு'னு சொல்லிக்கொடுத்திடுறோம். நானும் என் மூத்த பொண்ணுக்கு இப்படித்தான் ரெண்டு மாசம் சொல்லிக்கொடுத்துட்டு, அவளுக்குப் புரியலைனு அவளையே திட்டினேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

ஆனா இதுக்கு மருந்தும் தமிழ்லயே இருக்கு. புள்ளி வச்ச எழுத்து நமக்குத் தெரியும். 'மு' இல்ல, 'ம்'. உதட்டை மூடிட்டு மூக்கு வழியா 'ம்ம்ம்ம்'னு நீட்டுங்க, மூச்சு இருக்கிற வரைக்கும் நீட்டலாம். எஸ்ஸுக்கு 'ஸ்ஸ்ஸ்', எஃப்புக்கு 'ஃப்ஃப்ஃப்', என், எல், ஆர் எல்லாம் இதே மாதிரி இழுக்கலாம். ஆனா பி, டி, கே எல்லாம் இழுக்க முடியாது, பட்டுனு வெடிச்சு நின்னுடும். அதுல 'ட்'னு காத்து மட்டும் வரணும். தொண்டையில கையை வச்சுப் பாருங்க, 'டு'னு சொல்றப்ப தொண்டை அதிரும், வெறும் 'ட்'க்கு அதிராது. பையன் கையை எடுத்து அவன் தொண்டையிலயே வச்சு விடுங்க, அவனுக்கு அது விளையாட்டா இருக்கும். (பந்துல வர்ற ப, அம்புல வர்ற ப ரெண்டும் நமக்கு ஒரே எழுத்து, இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து. முதல்ல சொன்னதுக்கு தொண்டை அதிராது, அடுத்ததுக்கு லேசா அதிரும், அதை மட்டும் தனியா கவனிச்சுக்கோங்க.) இங்கிலீஷ் 'ஏ' எழுத்தோட குறில் சத்தம் 'ஆ'வும் இல்ல, நம்ம 'ஏ'வும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல, வாயை நல்லா திறந்துட்டு 'ஏ' சொல்ற மாதிரி வரும்.

இதுக்காகத்தான் எம், எஸ்ல அந்த புக் ஆரம்பிக்குது, ரெண்டும் இழுக்கிற சத்தம். அதனால என்னைக் கேட்டா உங்க பையனுக்கு நூறு பாடம் புக்கை வச்சுக்கோங்கனு சொல்வேன், சேர்க்கிறதுதான் அவன் பிரச்சினை, அதைத்தான் அது முதல் நாள்ல இருந்து பழக்குது. 231 பாடம் புக் சேர்த்துப் படிக்க வந்துட்ட குழந்தைக்கு அருமை, ஸ்பெல்லிங் விதியெல்லாம் நிதானமா, விடாம வரும், அது பிற்பாடு ஆகட்டும். நூறு பாடத்துல நீங்க பேச வேண்டியதை சிவப்புல அச்சடிச்சிருப்பாங்க, அதை அப்படியே வாசிச்சா போதும். நம்மளா இடையில இங்கிலீஷ், தமிழ்னு விளக்கம் குடுக்கக் குடுக்க குழந்தை எழுத்தை விட்டுட்டு நம்ம மூஞ்சியைப் பார்க்க ஆரம்பிச்சிடும். முன்னுரையில சத்தங்களை எப்படி உச்சரிக்கணும்னு பட்டியல் இருக்கு, நிறைய பேர் அதைத் தாண்டிட்டு நேரா பாடத்துக்குப் போயிடுறாங்க. நீங்க ஒரு ராத்திரி உக்காந்து அதை மட்டும் பழகிக்கோங்க.

மறுபடி மொத பாடத்துல இருந்தா? ஆமாங்க. ஆனா அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் புக்கே வேண்டாம். சாப்பிடுறப்ப, குளிக்கிறப்ப, நீங்க மெதுவா 'ம்ம்ம்ஈஈஈன்ன்ன்'னு இழுத்துச் சொல்லி "வேகமா சொல்லு"னு கேளுங்க. அவன் 'மீன்'னு சொல்லணும். எழுத்து எதையும் காட்ட வேண்டாம், காதும் வாயும் மட்டும்தான். அது வந்ததும் கொஞ்சம் கஷ்டமா, நடுவுல இடைவெளி விட்டு 'நா... ய்'னு சொல்லிக் கேளுங்க. இது தமிழ்ல வந்துடுச்சுன்னா சேர்க்கிற திறமை அவன்கிட்ட இருக்குனு அர்த்தம், சத்தத்தைச் சரிபண்ணினா போதும். இதுவே வரலைன்னா புக்கைத் திறக்கிறதுல பிரயோஜனம் இல்ல, இந்த விளையாட்டையே இன்னும் ரெண்டு மூணு வாரம் ஓட்டுங்க. அதுக்கு மேலயும் வரலை, பேச்சுலயும் சத்தங்கள் குழறுதுன்னா ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுறது நல்லது.

அடுத்தது அதே 'மேட்'. பேப்பர்ல எழுதி, கீழ ஒரு அம்புக்குறி போட்டு, விரலை எம்முக்குக் கீழ வைங்க. 'ம்ம்ம்'னு இழுக்கச் சொல்லுங்க, இழுத்துட்டு இருக்கிறப்பவே விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்துங்க, மூச்சு நிக்கவே கூடாது, 'ம்ம்ம்மேஏஏ'. நடுவுல நிறுத்தினான்னா விரல் பழையபடி எம்முக்கு. இந்த 'மே' மட்டும் சுத்தமா வர்ற வரைக்கும் டி எழுத்தை உங்க கட்டை விரலால மறைச்சு வைங்க. 'மே' வந்ததும் விரலை எடுங்க, 'ம்ம்மேஏஏட்'. அப்புறம் "வேகமா சொல்லு", 'மேட்'. அடுத்து 'சேட்', 'சாம்', 'மேன்', 'ரேன்'னு இழுக்கிற எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தையாவே குடுங்க. 'பேட்', 'டேப்', 'கேட்' மாதிரி வெடிக்கிற எழுத்து முன்னாடி வர்றது கஷ்டம், அதுல முதல் எழுத்தைத் தனியா சொல்லவே விடாதீங்க, வாயை 'ப்'க்கு மூடி வச்சுக்கிட்டு கண்ணு அடுத்த எழுத்தைப் பார்த்து 'பேஏஏ'னு ஒண்ணாவே திறக்கணும். இது வர நாள் ஆகும்.

படத்தைப் பார்த்து அடிச்சுவிடுற பழக்கத்துக்கு, கதை வர்றப்ப படத்தை ஒரு அட்டையால மூடிடுங்க. அந்த புக்லயே கதையைப் படிச்ச பிறகுதான் படத்தைக் காட்டணும்னு இருக்கு. உண்மையிலயே படிக்கிறானா மனப்பாடமானு சந்தேகம் வந்தா அர்த்தமே இல்லாத வார்த்தை ரெண்டு எழுதிக் காட்டுங்க, 'நிம்', 'சாஃப்' மாதிரி. இங்கிலாந்துல 2012-ல இருந்து சின்னப் பசங்களுக்கு வைக்கிற ஃபோனிக்ஸ் டெஸ்ட்ல நாற்பது வார்த்தையில பாதி இப்படி பொய் வார்த்தைதான், யூகிச்சு தப்பிக்க முடியாதுல்ல.

பாட நம்பரை எண்ணிக்கிட்டு ஓடாதீங்க. புக்ல நாளைக்கு இருபது நிமிஷம்னு போட்டிருக்கும், உங்க பையனுக்கு பன்னிரண்டு நிமிஷத்துல கண்ணு சொக்குதுன்னா பாடத்தை ரெண்டா உடைச்சு காலையில பாதி, சாயங்காலம் பாதி. பத்து வார்த்தையில ஒண்ணு தப்பினா பரவாயில்ல, அடுத்த பாடம் போங்க. மூணு நாலு தப்பினா மறுநாள் அதே பாடம். 'வாஸ்', 'செட்' மாதிரி எழுத்து ஒண்ணு சத்தம் ஒண்ணா வர்ற வார்த்தைகளை அந்த புக் 'வேடிக்கை வார்த்தை'னு தனியா வச்சிருக்கும், எழுத்து எழுத்தா சத்தம் சொல்லிட்டு, "ஆனா நாம இப்படிச் சொல்வோம்"னு சரியான உச்சரிப்பைச் சொல்லணும். அது வந்தா பயப்படாதீங்க, விதி தப்புனு அவன் சண்டைக்கு வந்தா சந்தோஷப்படுங்க, விதி அவனுக்குப் புரிஞ்சிடுச்சு.

ஒரு இருபது, இருபத்தஞ்சு பாடம் தாண்டினப்புறம் கதைப் புக் குடுக்க ஆசை வந்தா, அவன் கத்துக்கிட்ட எழுத்துங்க மட்டும் வர்ற புக்கா பாருங்க. பாப் புக்ஸ்னு ஒரு குட்டி வரிசை இருக்கு, முதல் செட்ல மொத புக் முழுக்க எம், ஏ, டி, எஸ்னு நாலே எழுத்துலதான் ஓடும், அவன் பழகின அதே 'மேட்'தான் அதுலயும் வரும். இப்ப வீட்ல இருக்கிற அந்தப் பெரிய படக்கதையை அவன் கையில குடுத்து படினு சொல்லாதீங்க, நீங்க மடியில வச்சு வாசிச்சுக் காட்டுங்க, அதுல படத்தை எவ்வளவு வேணும்னாலும் பார்க்கட்டும்.