தளும்பினால் விட்டு வையுங்கள், குலுங்கினால் அணைத்துவிடுங்கள்

கேள்வி: "தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் டின்னை வைத்து 160 டிகிரியில் சீஸ்கேக் பேக் செய்கிறேன். 1 மணி நேரம் ஆகிவிட்டது. ஓரம் கெட்டியாகிவிட்டது, நடு மட்டும் ஆடுகிறது. ஆட்டம் நிற்கும்வரை உள்ளேயே விடலாமா?"

விட வேண்டாம். நடுப்பகுதி எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் இப்போது பாருங்கள். தண்ணீர் நிறைந்த பாத்திரம் தளும்புவது போல அலை அடித்தால் இன்னும் 7, 8 நிமிடங்கள் விட்டுவிட்டு மறுபடியும் பாருங்கள். உறைந்த ஜெல்லியைப் போல ஒரே திரளாகக் குலுங்கினால் உடனே ஓவனை அணைத்துவிடுங்கள். இந்த ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்து ஒரு முழு கேக்கையே நான் இழந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் தங்கையின் பிறந்த நாளுக்காகச் செய்தது அது. பக்கச் சுவர் தனியாகக் கழன்று வரும் 20 செ.மீ. ஸ்பிரிங்ஃபார்ம் டின், அடியில் பிஸ்கட் தூளும் வெண்ணெயும் சேர்த்து அழுத்திய அடுக்கு, மேலே 600 கிராம் கிரீம் சீஸ், 150 கிராம் சர்க்கரை, 3 முட்டை, 150 மில்லி கிரீம் சேர்த்த கலவை. நீங்கள் செய்வதும் ஏறக்குறைய இதே அளவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் பின்பற்றிய குறிப்பில் "நடுவில் குச்சியைக் குத்தினால் அது சுத்தமாக வெளியே வர வேண்டும்" என்று எழுதியிருந்தது. 1 மணி நேரத்தில் குத்தினேன், குச்சியில் கலவை ஒட்டியது. கால் மணி நேரம் கழித்துக் குத்தியபோதும் ஒட்டியது. 1 மணி 35 நிமிடங்களில் குச்சி சுத்தமாக வந்தது. மேற்பரப்பில் அசைவே இல்லை. மிகுந்த நிறைவோடு வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். சற்று நேரத்திற்கெல்லாம், நான் குச்சி குத்திய துளைகளில் ஒன்றிலிருந்து பிளவு தொடங்கி, கண்ணெதிரே ஓரம்வரை நீண்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்கு அகன்றது. மறுநாள் வெட்டியபோது ஓரத்துத் துண்டுகள் மணல் மணலாக உதிர்ந்தன. தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்து நின்றது.

கட்டணம் செலுத்திச் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதைப் படத்தோடு காட்டி விளக்கம் கேட்டேன். கலவையை அதிகம் அடித்ததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். காற்று ஏறிய கலவை ஓவனில் உப்பிப் பிறகு அமுங்கும்போது வெடிக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓரம் உதிர்ந்ததற்கும் தட்டில் நீர் கசிந்ததற்கும் அது விடையாகாது. எவ்வளவு நேரம் வைத்தீர்கள், எந்த நிலையில் எடுத்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்தான்.

பெயரில் கேக் என்று இருப்பதுதான் இந்தக் குழப்பத்திற்கெல்லாம் தொடக்கம். சாதாரண கேக்கில் மாவு வெந்து அமைப்பைத் தாங்குகிறது, அதனால் குச்சிச் சோதனை அங்கே பொருந்தும். சீஸ்கேக்கோ முட்டையால் உறையும் கஸ்டர்ட். முட்டையின் புரத இழைகள் சூட்டில் விரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, வலை போலாகி, கிரீம் சீஸின் கொழுப்பையும் நீரையும் தமக்குள் பிடித்து வைக்கின்றன. கலவையின் நடு ஏறத்தாழ 65 டிகிரியைத் தொடும்போது இந்த வலை தளர்வாகப் பின்னத் தொடங்கியிருக்கும். 75ஐத் தாண்டிச் சென்றால் இழைகள் இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். என் தட்டில் தேங்கிய நீரும் ஓரத்து மணல் பதமும் அந்தப் பிழிவின் விளைவுகள். குச்சியில் எதுவும் ஒட்டாத நிலை என்பது சீஸ்கேக்கைப் பொறுத்தவரை நல்ல பதம் கடந்துபோய்விட்ட நிலை.

தண்ணீர்த் தட்டின் பயனும் இங்கேதான் இருக்கிறது. 160 டிகிரி ஓவனில் டின்னை வெறுமனே வைத்தால் சூடு பக்கச் சுவர்களின் வழியாக உள்ளே நுழைகிறது. நடு 65ஐ எட்டுவதற்குள் ஓரம் எல்லை மீறிச் சென்றுவிடும். தண்ணீர் எவ்வளவு சூடேறினாலும் 100 டிகிரியைத் தாண்டாது. அதிலும் மூடாத தட்டில் அது இடைவிடாமல் ஆவியாகிச் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால், மிதமான ஓவனில் அது கொதிநிலைக்கு நன்றாகக் கீழேயே நிற்கும். ஆகவே டின்னின் சுவரில் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி அந்தத் தண்ணீரின் சூட்டைவிட அதிகம் சூடாவதில்லை. ஓரமும் நடுவும் உறையும் நேரத்துக்கு இடையிலான இடைவெளி குறைகிறது. ஆனால் அந்த இடைவெளி முற்றிலும் மறைவதில்லை. அதனால்தான் தண்ணீர் வைத்திருந்தாலும் நீங்கள் எடுக்கும் நேரம் முக்கியமாகிறது.

ஊற்றும்போது தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், டின்னின் பாதி உயரம்வரை வர வேண்டும். தட்டை ஓவன் கம்பிமேல் வைத்த பிறகு ஊற்றினால் கை நடுங்கித் தளும்பாது. குளிர்ந்த நீரை ஊற்றினால் அது சூடேறுவதற்கே வெகு நேரம் பிடிக்கும். குறிப்பில் உள்ள நேரக் கணக்கு முழுவதும் தவறிவிடும். இன்னொன்று: ஓவனின் திருகுமுனை காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். என் ஓவனில் 160 என்று வைத்தால் உள்ளே 180 இருந்ததை, தனியாக ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்ட பிறகே கண்டுபிடித்தேன்.

இரண்டாவது முறை அதே டின், அதே அளவுகள், சரிபார்த்த 160 டிகிரி. 50 நிமிடங்கள்வரை கதவைத் திறக்கவில்லை. அதன்பின் கதவைத் திறந்து, கையுறை அணிந்த விரலால் டின்னின் பக்கத்தை மெல்ல ஒரு தட்டுத் தட்டினேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் அசையாமல் நின்றது. உள்ளே எஞ்சிய வட்டம் முழுவதும் சிற்றலைகளாகத் தளும்பியது. நடுவில் எண்ணெய் பூசியது போன்ற ஈர மினுமினுப்பு இருந்தது. வேகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். 58ஆவது நிமிடத்தில் தளும்பும் வட்டம் சுருங்கியிருந்தது, ஆனால் அலை இன்னும் அடித்தது. 66ஆவது நிமிடத்தில் தட்டியபோது காட்சி மாறிவிட்டது. ஓரத்திலிருந்து 6 செ.மீ. வரை உறுதியாக, இலேசாக மேலெழும்பி நின்றது. நடுவில் 8 செ.மீ. அளவிலான வட்டம் மட்டும் ஒரே துண்டாக இடமும் வலமும் குலுங்கி, உடனே அமைதியானது. அலை என்பதே இல்லை. மினுமினுப்பும் போய் மேற்பரப்பு மங்கலாகத் தெரிந்தது. மெல்லிய வெப்பமானி முனையை நடுவில் செலுத்திப் பார்த்தேன்: 66 டிகிரி.

அங்கேயே ஓவனை அணைத்து, கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, 1 மணி நேரம் அப்படியே விட்டேன். அடுப்பு அணைந்த பிறகும் சூடான ஓரத்திலிருந்து நடுவுக்குச் சூடு நகர்ந்துகொண்டே இருப்பதால் வேகுதல் அங்கே தொடர்கிறது. 20 நிமிடங்கள் கழித்துப் பார்த்தபோது நடு 70 டிகிரியாகியிருந்தது. குலுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. நீங்கள் ஓவனுக்குள்ளேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டால் இந்தக் கூடுதல் சூடு பதத்தைக் கெடுக்கவே பயன்படும். பிறகு வெளியே எடுத்து, ஓரத்தைச் சுற்றி மெல்லிய கத்தியை ஒரு சுற்று ஓட்டினேன். ஆறும்போது கேக் சுருங்கும்; ஓரம் டின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இழுவிசை முழுவதும் நடுவில் சேர்ந்து பிளந்துவிடும். நன்றாக ஆறிய பின் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தேன். கிரீம் சீஸின் கொழுப்பு குளிர்ந்து இறுகும்போதுதான் கடைசி உறுதி வருகிறது. அன்று இரவு அந்த நடுவைப் பார்த்து, "இது வேகவே இல்லை, திரும்ப உள்ளே வை" என்று வீட்டில் இருவர் வற்புறுத்தினார்கள். நான் வைக்கவில்லை. காலையில் வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டியபோது, நடுவும் ஓரமும் வேறுபாடு தெரியாமல் வழுவழுப்பாக இருந்தன. துண்டின் முனை சரியாமல் நின்றது.

தண்ணீரே இல்லாமல் நன்றாகச் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு மறுப்பு எழுதக்கூடும். 110 டிகிரி போன்ற மிகக் குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் தண்ணீர் இல்லாமலும் வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு ஓவன்கள் பலவற்றில் அந்தச் சூடு நிலையாக நிற்பதில்லை. பாஸ்க் சீஸ்கேக் 200 டிகிரிக்கு மேல் மேற்புறம் கருகும்படி செய்யப்படுவது. அதன் நோக்கமே வேறு. முட்டை சரியாக வேகாமல் போகுமோ என்ற அச்சத்தை மட்டும் நான் அற்பமாகக் கருதமாட்டேன். சாப்பிடுபவர்களில் கர்ப்பிணிகளோ சிறு குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் குலுக்கத்தை மட்டும் நம்பாமல், நடு 71 டிகிரியைத் தொட்டதை வெப்பமானியில் பார்த்துவிட்டே அணையுங்கள். பதம் சிறிது கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். வெப்பமானித் துளையிலிருந்து பிளவு தொடங்கக்கூடும் என்பதால் ஒரே துளையையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். மேலே கிரீமோ பழமோ வைத்தால் அது மறைந்துவிடும்.

உங்கள் கேக்கின் ஓரம் ஏற்கெனவே மிகவும் உப்பி, மெல்லிய கீறல்கள் தெரிந்தால், நடு இன்னும் சற்றுத் தளும்பினாலும் இப்போதே அணைத்து, கதவை மூடியபடி 10 நிமிடங்கள் விட்ட பிறகு மரக்கரண்டியைச் செருகுங்கள். ஸ்பிரிங்ஃபார்ம் டின்னின் அடிப்பொருத்து நீரை உள்ளே விடும் என்பதால், நீர் புகாமலிருக்க டின்னைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டியிருந்தால், வெளியே எடுத்தவுடன் அதைக் கழற்றிப் பாருங்கள். தாளுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் டின்னைத் துடைத்து, கம்பி வலைமேல் வைத்து ஆறவிடுங்கள். ஈரத்திலேயே விட்டால் பிஸ்கட் அடுக்கு ஊறிப்போகும். அடுத்த முறை அந்த டின்னை, பொருத்தே இல்லாத சற்றுப் பெரிய இன்னொரு டின்னுக்குள் வைத்து அதைத் தண்ணீரில் இறக்குங்கள். இடையில் உள்ள காற்றால் வேக இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும், ஆனால் ஒரு சொட்டு நீரும் உள்ளே போகாது.