புகையிலை போடலையே, வெறும் பாக்குதானே? – கேள்வி பதில்

வாய் நோய்ப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் பார்க்கிறேன். பாக்கைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சில இவை.

எங்க அம்மாவுக்கு 78 வயசு. அம்பது வருஷமா வெத்தலை போடுறாங்க, புகையிலை தொட்டதே இல்ல. ஒண்ணும் ஆகலையே டாக்டர்? புகையிலைதானே கேன்சர்?

நாங்களும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தோம், அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் புகையிலை சேர்த்த வெற்றிலையைத்தான் புற்றுநோய் தரும் என்று உறுதியாகச் சொன்னது. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்குக்கு அப்போது போதிய சான்று இல்லை. அந்தக் கணக்கை மாற்றியதில் தைவானுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பச்சைப் பாக்கில் சுண்ணாம்பு தடவி, வெற்றிலையோ வெற்றிலைக்கொடியின் பூங்கதிரோ சேர்த்து மெல்வார்கள். புகையிலை சேர்க்கும் பழக்கமே கிடையாது, ஆனாலும் வாய்ப் புற்றுநோய் ஏராளம். பீடி, சிகரெட், குடி ஆகியவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்தும் பாக்கின் பங்கு தனியாக நின்றது. 2004-ல் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான முதல் பிரிவில் சேர்த்தார்கள்.

மெல்லுகிற எல்லோருக்கும் வராது. உங்கள் அம்மாவுக்கு வராமலே போகலாம். ஆனால் ஒரு டார்ச் எடுத்து, அவர் எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்று கேட்டு, அந்தப் பக்கத்து உட்கன்னத்தையும் கீழ் ஈறு கன்னத்தோடு சேரும் பள்ளத்தையும் பாருங்கள். நம் ஊரில் புற்று பெரும்பாலும் உட்காருகிற இடம் அதுதான். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

நான் ஓய்வு பெற்ற மருந்தாளுநர். பாக்கு முதல் பிரிவு, சரி. பாக்கில் உள்ள அரிகோலினை மட்டும் 2பி என்றுதானே வைத்திருக்கிறார்கள்? முரண்பாடு இல்லையா ஐயா?

இல்லை சார். பாக்கு மெல்லும் மனிதர்களைப் பார்த்து பாக்கைத் தீர்மானித்தார்கள். அரிகோலினைத் தனியாக எந்த மனிதரும் மெல்வதில்லையே, அதற்கான சான்று ஆய்வகத்திலிருந்துதான் வரவேண்டும். அதனால் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற இடத்தில் நிற்கிறது. அரிகோலின் எச்சிலோடு கலந்து நைட்ரோசமைன் என்ற, புற்றைத் தூண்டக்கூடிய பொருள்களாக மாறுவது, சுண்ணாம்பின் காரத்தில் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் உண்டாவது, கரடுமுரடான நார் நாள்தோறும் ஒரே இடத்தை உரசுவது எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் பிரித்துச் சொல்லப்படவில்லை. அரிகோலினை மட்டும் எடுத்துவிட்ட பாக்கு பாதுகாப்பானது என்று யாராவது விற்க வந்தால் நான் வாங்கமாட்டேன்.

வாயைப் பொத்துப்போக வைக்கிறது சுண்ணாம்புதான். சுண்ணாம்பு இல்லாம போட்டா பிரச்சினை தீர்ந்தது, எங்க தாத்தா அப்படித்தான் சொல்வாரு.

தாத்தா சொன்னதில் பாதி சரி. சுண்ணாம்பு அதிகமானால் வாய் வெந்துபோகும். அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: அந்தக் காரம்தான் அரிகோலினை வாய்த்தோல் வழியே சுலபமாக உள்ளே விடுகிறது. வெற்றிலை போட்ட சில நிமிடத்தில் காது மடல் சூடாகி, நெற்றி வேர்த்து, எச்சில் ஊறி, நெஞ்சு படபடக்கிறதே, அது அரிகோலின் உள்ளே போன அடையாளம்.

மீதிப் பாதிதான் தவறு. பாக்கெட்டில் வரும் வாசனைப் பாக்கைச் சுண்ணாம்பு இல்லாமலேதான் பையன்கள் வாயில் போடுகிறார்கள். நான் பார்க்கும் இறுகிய வாய்களில் அவர்களே அதிகம்.

என் மகனுக்கு 24 வயசு. பாக்கெட் பாக்குதான், வேற கெட்ட பழக்கம் இல்ல. இப்ப ரசம் கூட எரியுதுங்கறான், இட்லியைப் பிய்ச்சுப் பிய்ச்சு உள்ள தள்றான். வாய்ப்புண் மாத்திரை போதுமா?

போதாது. முதலில் அவனுடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள்.

இதே மாதிரி ஒரு பையனைச் சொல்கிறேன். 26 வயது, செல்போன் கடையில் வேலை, பத்தாம் வகுப்பிலிருந்து பாக்கு, ஒரு நாளைக்கு எட்டுப் பாக்கெட். எரிச்சலைப் பொருட்படுத்தவில்லை. குழந்தையின் பிறந்தநாளுக்கு பலூன் ஊத முடியாமல் போனபோதுதான் வந்தான். உட்கன்னம் பளிங்கு போல வெளுத்திருந்தது. விரல் வைத்துத் தடவினால் உள்ளே கயிறு ஓடுவது போலப் பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டது. வாய் 24 மில்லிமீட்டர்தான் திறந்தது, குறைந்தது நாற்பது திறக்கவேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். அரிகோலின் தூண்டிவிட, கன்னத்தின் அடித்தோலில் நார் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. பாக்கின் துவர்ப்பு அந்த நாரைக் கரையவிடாமல் காக்கிறது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவார்களே, ஏறக்குறைய அதே வேலை, உயிருள்ள கன்னத்தில். பாக்கில் உள்ள தாமிரம் நாரோடு நாரைத் தைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது.

அவனுக்குச் சதை எடுத்துப் பார்த்தோம். புற்று இல்லை, செல்களில் லேசான மாற்றம் மட்டும். பாக்கை நிறுத்தி, கன்னத்தில் ஊசி போட்டு, ஐஸ் குச்சிப் பயிற்சி கொடுத்தோம். பல்வரிசைக்கு நடுவே பன்னிரண்டு குச்சி அடுக்கி ஆரம்பித்தான், ஆறு மாதத்தில் பதினைந்து. அதற்கு மேல் நகரவில்லை. எரிச்சல் போய்விட்டது, இறுக்கம் முழுதாகப் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னும் வருகிறான், ஏனென்றால் இப்படி இறுகிய வாயில் பின்னாளில் புற்று வரலாம். மும்பை ஆய்வாளர்கள் 17 வருடம் தொடர்ந்து கவனித்த ஒரு குழுவில் நூறுக்கு ஏழெட்டுப் பேருக்கு வந்தது.

குழந்தைக்குச் சளி. வெத்தலையை விளக்கெண்ணெய் தடவி வாட்டி நெஞ்சுல போடலாமா?

தம்பி, கேள்வி பாக்கைப் பற்றி. வெற்றிலை இங்கே குற்றவாளி இல்லை. கை பொறுக்கிற சூட்டில் போடுங்கள். மூச்சு இழுத்தால் வெற்றிலையை நம்பி உட்காராமல் குழந்தைகள் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ரெண்டு நாள் விட்டேன். தலைவலி, எரிச்சல், வேலையே ஓடல. திரும்பப் போட்டுட்டேன். பாக்குக்குக் கூடவா அடிமையாவாங்க?

ஆவார்கள். சிகரெட்டின் நிக்கோட்டின் மூளையில் தட்டும் கதவுகளில் சிலவற்றை அரிகோலினும் தட்டுகிறது. உங்களிடம் மனவலிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வாரம்தான் மோசம். எப்போது போடுகிறீர்கள் என்று இரண்டு நாள் எழுதி வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின்னால் போடுவதைக் கடைசிக்கு விட்டு, பேருந்திலும் வேலையிலும் சும்மா போடுவதை முதலில் வெட்டுங்கள். வாய் கேட்டால் சோம்பு, கிராம்பு. இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தியும் புண் ஆறவில்லை என்றால் காத்திருக்காமல் வாருங்கள்.

கல்யாண வீட்டுல ஒரு பீடா போட்டாலும் ஆபத்தா? தாம்பூலத்தையே ஒழிக்கச் சொல்றீங்களா?

தாம்பூலத் தட்டில் வைப்பதை நான் ஒன்றும் சொல்லவில்லை, வாயில் அடக்குவதைத்தான் சொல்கிறேன். எத்தனை முறை, எத்தனை வருடம் என்பதோடு ஆபத்தும் ஏறுகிறது. ஆனால் இதற்குக் கீழே பயமில்லை என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. வருடத்துக்கு இரண்டு பீடா போடுகிறவரைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. என் தங்கை வீட்டில் இப்போது பாக்குக்குப் பதில் கற்கண்டும் கிராம்பும் வைத்து மடிக்கிறார்கள். என் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "இதுக்குப் பேரு வெத்தலையா?" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சண்டை போடுகிறார்.