இரண்டும் ஸ்டெம்தானா? அந்த ஆறு இலக்க எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் எம்எஸ் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், மற்றது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். முதலாவதில் மொத்தச் செலவு 6 லட்சம் குறைவு. பெங்களூரு கன்சல்டன்ட், "ரெண்டும் ஸ்டெம்தான் சார், படிச்சு முடிச்சு 3 வருஷம் வேலை செய்யலாம்" என்கிறார். காவேரிப்பட்டணத்து மாந்தோப்பை அடமானம் வைத்து 40 லட்சம் கடன் வாங்கப் போகிறோம். டெபாசிட் கட்ட இன்னும் 10 நாள் இருக்கிறது. அவர் சொல்வதை நம்பலாமா? நாங்களே சரிபார்க்க வழி இருக்கிறதா?
— ஒரு தந்தை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வழி இருக்கிறது, காசும் செலவாகாது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அமெரிக்க அரசின் பட்டியல் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். டெபாசிட் கட்டுவதற்கு முன்பே இரண்டையும் முடித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவருக்குப் பட்டம் முடிந்ததும் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். இதற்கு ஓபிடி என்று பெயர். பட்டம், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் இருந்தால் அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். கன்சல்டன்ட் சொல்லும் 3 வருஷம் இந்தக் கணக்குதான். இந்த 24 மாதம் படிப்பின் பெயரை வைத்து வருவதில்லை. ஒவ்வொரு படிப்பையும் பல்கலைக்கழகம் ஆறு இலக்க எண் ஒன்றின் கீழ் பதிந்து வைத்திருக்கும். அதைச் சிஐபி கோட் என்பார்கள். முதலில் இரண்டு இலக்கம், பிறகு புள்ளி, அதற்குப் பிறகு நான்கு இலக்கம். எண்களை வகுத்தது அமெரிக்கக் கல்வித் துறை. அவற்றில் எவை ஸ்டெம் என்று பட்டியல் போடுவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. தோப்புக்கு ஊரில் என்ன பெயர் வழங்கினாலும் வங்கி சர்வே எண்ணைத்தானே பார்க்கும்? இதுவும் அப்படித்தான்.

உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு படிப்புகளும் சிக்கலான இடத்தில் நிற்கின்றன. மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸுக்கு நேரான எண் 52.1201. 52 என்று தொடங்குவது வணிகப் பிரிவு. 52.1201 ஸ்டெம் பட்டியலில் இல்லை. ஆனால் அதே பெயரில் படிப்பு நடத்தும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அந்த எண்ணையே போடுவதில்லை. பாடத்திட்டத்தில் நிரலாக்கமும் தரவுத்தளமும் கூடுதலாக இருக்கிறது என்று சில இடங்களில் 11.0103 போடுவார்கள், சில இடங்களில் 11.0401. முதலாவது தகவல் தொழில்நுட்பம், இரண்டாவது தகவல் அறிவியல். இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன. 52 என்று தொடங்கினாலே போச்சு என்றும் நினைக்க வேண்டாம். மேனேஜ்மென்ட் சயின்ஸுக்கான 52.1301 ஸ்டெம்தான். ஆகவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கன்சல்டன்டாலும் சொல்ல முடியாது, நம்மாலும் சொல்ல முடியாது. எண்ணை வாங்கியாக வேண்டும்.

மின்னஞ்சலை உங்கள் மகளே, சேர்க்கைக்கு விண்ணப்பித்த அதே முகவரியிலிருந்து அனுப்பட்டும். அந்தத் துறையின் முதுநிலைச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒன்று, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒன்று. விண்ணப்ப எண், படிப்பின் முழுப் பெயர், சேரும் பருவம், எந்த வளாகம், ஏதாவது சிறப்புப் பிரிவு எடுத்திருந்தால் அதன் பெயர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "என் ஐ-20 படிவத்தில் அச்சாகப்போகும் ஆறு இலக்க சிஐபி கோட் எது?" என்று ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஐ-20 என்பது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம். "இது ஸ்டெம் படிப்பா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று ஒரு சொல்லில் பதில் வரும். அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த எதையும் பொதுப் பேச்சில் ஸ்டெம் என்று சொல்லிவிடுகிறார்கள், விளம்பரத்திலும் அப்படியே எழுதுகிறார்கள். அந்த "ஆமாம்" நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது செல்லாது.

பதிலை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். எண் தெளிவாக வந்தால் வேலை சுலபம். "குறிப்பிட்ட சிறப்புப் பிரிவை எடுப்பவர்களுக்கு மட்டும் ஸ்டெம்" என்று வந்தால், அந்தப் பிரிவில் சேர்வது உறுதியா, அதற்குத் தனித் தகுதி ஏதும் உண்டா என்று மறுபடி கேளுங்கள். "எண்ணை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் கிடைத்துவிடும்" என்று வந்தால் இன்றைய எண்ணை மட்டுமே கணக்கில் எடுங்கள். வராத எண்ணை நம்பித் தோப்புப் பத்திரத்தை வங்கியில் கொடுக்கக் கூடாது.

எண் கைக்கு வந்ததும் பட்டியலைப் பாருங்கள். தேடலில் `DHS STEM Designated Degree Program List` என்று அடித்து, `ice.gov` அல்லது `studyinthestates.dhs.gov` தளத்தில் இருக்கும் பிடிஎஃப் கோப்பை மட்டும் திறங்கள். கன்சல்டன்ட் தளங்களில் கிடக்கும் நகல்கள் வேண்டாம், பட்டியல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. 2022 ஜனவரியில் மட்டும் 22 துறைகள் சேர்ந்தன, பிசினஸ் அனலிடிக்ஸ் அவற்றில் ஒன்று. பழைய நகலில் அது இருக்காது. கோப்பில் படிப்பின் பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். `52.1201` என்று அடித்தால் எதுவும் வராது. `52.1301` என்று அடித்தால் வரும். ஓர் இலக்கம் பிசகினாலும் வேறு படிப்பாகிவிடும் என்பதால் எண்ணைக் கையால் அடிக்காமல் மின்னஞ்சலிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

இரண்டாவது சோதனை ஐ-20 வந்த பிறகு. முதல் பக்கத்தில் `PROGRAM OF STUDY` என்ற கட்டத்தில் `MAJOR 1` என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழ் படிப்பின் பெயரும் பக்கத்திலேயே ஆறு இலக்க எண்ணும் அச்சாகியிருக்கும். `MAJOR 2`-ல் பெரும்பாலும் `None 00.0000` என்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். மின்னஞ்சலில் வந்த எண்ணும் `MAJOR 1`-ல் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், செவிஸ் எனும் மாணவர் பதிவுக்கான 350 டாலர் கட்டணமும் விசா கட்டணமும் கட்டுவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தட்டச்சுப் பிழை என்றால் திருத்திய ஐ-20 தருவார்கள். பிழை இல்லை, எண்ணே அதுதான் என்றால் அந்த உண்மை உங்களுக்குச் சென்னைத் தூதரகத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

இனி உங்கள் கடன் கணக்கு. 2026 ஆகஸ்டில் சேர்ந்து 2028 மே மாதம் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓபிடி, படிப்பு முடிந்த 60 நாளுக்குள் தொடங்க வேண்டும். ஜூலையில் தொடங்கினால் 12 மாதம் 2029 ஜூலையோடு முடியும். கல்விக் கடனில் வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை இல்லாத காலம். அதாவது முதல் தவணை 2029 கோடையில் விழும். 40 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, 10 வருடம் என்று போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 54,000 ரூபாய். படிக்கும்போது சேரும் வட்டி இதில் சேரவில்லை. ஆக, ஸ்டெம் இல்லாத பட்டம் என்றால் தவணை தொடங்கும் நேரத்திலேயே வேலை அனுமதி தீர்ந்துவிடும். ஸ்டெம் இருந்தால் 2031 ஜூலை வரை டாலரில் தவணை கட்டலாம். அங்கே தொடர்ந்து வேலை பார்க்க உதவும் எச்-1பி விசாவுக்கான பதிவு ஆண்டுதோறும் மார்ச்சில் நடப்பதால், வேலையில் சேர்ந்த பிறகு கிடைக்கும் வாய்ப்பும் ஒரு மார்ச்சிலிருந்து மூன்று மார்ச்சாகக் கூடும்.

இந்தக் கணக்கின்படி எங்கள் கருத்து இது. மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸின் எண் 52.1201 என்று வந்தால், 6 லட்சம் மிச்சத்துக்காக அதில் சேர வேண்டாம். 24 மாதச் சம்பளத்தின் முன் அது சின்னத் தொகை. 11.0103, 11.0401 போல் பட்டியலில் உள்ள எண் வந்தால், பாடங்களையும் ஒப்பிட்டுவிட்டு மலிவானதையே எடுக்கலாம். இரண்டாவது படிப்பின் பெயரில் மேனேஜ்மென்ட் இல்லை என்பதற்காக அதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். அதையும் வணிகப் பள்ளி நடத்தினால் அங்கும் 52.1201 இருக்கக்கூடும்.

"பொண்ணு பி.இ. ஈசிஇதானே, அதை வச்சு நீட்டிப்பு வாங்கிக்கலாம்" என்று யாராவது சொல்லக்கூடும். முடியாது. முந்தைய பட்டத்தை வைத்து நீட்டிப்பு கேட்க விதியில் இடம் உண்டு, ஆனால் அந்தப் பட்டமும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் வாங்கியதாக இருக்க வேண்டும். பர்கூர் பட்டம் இதற்கு உதவாது. கணினித் துறையில் நாலு பாடம் எடுத்து மைனராகச் சேர்த்துக்கொண்டாலும் உதவாது, முதன்மைப் பாடத்தின் எண்தான் கணக்கு.

எண் சரியாக இருந்தாலும் 24 மாதம் தானாக வந்துவிடாது. முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது வேலை கொடுக்கும் நிறுவனம், ஊழியர்களின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சிறிய நிறுவனங்கள் பலவற்றில் ஈ-வெரிஃபை இருக்காது. வேலையில் சேரும்போதே அதைக் கேட்டுக்கொள்ளாதவர்கள் பதினோராவது மாதத்தில் அவசரமாக வேறு வேலை தேடுகிறார்கள். படிக்கும் காலத்தில் சிபிடி அனுமதியில் முழுநேரமாக 12 மாதம் வேலை பார்த்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கு ஓபிடியே கிடையாது என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

10 நாள் என்பது குறைவுதான், ஆனால் போதும். மின்னஞ்சலை இன்றே அனுப்பச் சொல்லுங்கள். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் போன் செய்யலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அலுவலகம் திறக்கும்போது நமக்கு மாலை ஆறரை, ஏழரை மணி ஆகியிருக்கும். மேற்குக் கரை என்றால் இரவு ஒன்பதரைக்கு மேல்தான். போனில் எண்ணைச் சொன்னால், அதையே மின்னஞ்சலிலும் எழுதிக் கேளுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் டெபாசிட் தேதியை ஒரு வாரம் தள்ளித் தரும்படி காரணத்தோடு எழுதிக் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள். அதே கடிதத்தில் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.