மின்தடை நாளுக்கு முந்தின ராத்திரியே மோட்டார் போடுங்க

"ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 8.30க்கு சம்ப்புக்குத் தண்ணி வரும். மாதாந்திர மின்தடை அன்னிக்கு 9 மணிக்கே கரண்ட் போயிடுது. மத்தியானத்துக்குள்ள 500 லிட்டர் டேங்க் காலி. என்ன செய்யறது?"

முந்தின ராத்திரி படுக்கும் முன்னாடி மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பிடுங்க. சம்ப்புல தண்ணி விழ கரண்ட் வேண்டாம், மேல ஏத்தத்தான் வேணும். ராத்திரியே ஏத்திட்டா, காலையில வர்ற தண்ணிக்கு சம்ப்புல இடமும் கிடைக்கும்.

அவ்வளவு சீக்கிரம் காலியாக முதல் சந்தேகம் வாஷிங் மெஷின் மேலதான். மேல்மூடி மெஷின் ஒரு தடவை துவைச்சு அலசவே 100 லிட்டருக்கு மேல இழுக்கும். காலையில ரெண்டு தடவை ஓட்டினா பாதி டேங்க் போச்சு. துணியை முந்தின சாயங்காலமே துவைச்சிட்டு, அப்புறம் டேங்க்கை நிரப்புங்க. மாவும் முந்தின நாளே ஆட்டிடுங்க. மின்தடை அன்னிக்கு பாத்திரம், குளியல், கழிவறை மட்டும்னா 500 லிட்டர் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.

அப்படியும் குறைஞ்சா ஒண்ணு பாருங்க. ராத்திரி டேங்க் நிரம்பினதும் நீர்மட்டத்தைக் குறிச்சு வைங்க. விடியக்காலையில யாரும் குழாய் திறக்கும் முன்னாடி மறுபடி பாருங்க. இறங்கியிருந்தா ஃப்ளஷ் டேங்க்தான் பெரும்பாலும் கசியும். அதுல கொஞ்சம் மஞ்சத்தூள் கரைச்சு விடுங்க; தொடாமலே கோப்பையில மஞ்சள் இறங்கினா உள்ள இருக்கிற ரப்பர் வாஷரை மாத்தணும்.

ராத்திரி ஏத்தும்போது சம்ப்பை அடியோட உறிஞ்ச விடாதீங்க. உறிஞ்சுற குழாயோட அடியில இருக்கிற ஃபுட் வால்வு தண்ணிக்கு மேல வந்துட்டா மோட்டார் காத்து வாங்கிடும், மறுபடி தண்ணி ஊத்தித்தான் ஓட்டணும்.